தள்ளு சங்கிலியா, இழு சங்கிலியா: நியூசிலாந்து ஆங்கிலத்தின் மூன்று குறில்கள்

கேள்வி: "ஒரு உயிரொலி இடம் மாறினால் பக்கத்து உயிரொலிகளும் வரிசையாக நகரும் என்று மொழியியல் நூல்களில் படித்தேன். தள்ளு சங்கிலி, இழு சங்கிலி என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எது எது என்று உண்மையிலேயே நிரூபிக்க முடியுமா, அல்லது நடந்து முடிந்தபின் சூட்டும் பெயர்தானா? பேச்சுத் தமிழில் 'இடம்' என்பது 'எடம்' ஆவதும் இதில் சேருமா?"

பெரும்பாலான உதாரணங்களைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகம் நியாயமானதே. பாடநூல்கள் வழக்கமாகக் காட்டும் ஆங்கில நெட்டுயிர்ப் பெருமாற்றம் ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் நடந்தது. அந்தக் காலத்துக் குரலைக் கேட்டவர் எவரும் இன்று இல்லை. எழுத்துப்பிழைகளையும் எதுகைகளையும் வைத்து எந்த ஒலி முதலில் நகர்ந்தது என்று அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முழுச் சங்கிலியும் ஒலிப்பதிவில் சிக்கிய இடம் ஒன்று உண்டு. அது நியூசிலாந்து. உங்கள் கேள்விக்கு அங்கேதான் நேரான பதில் கிடைக்கும்.

முதலில் சம்பந்தப்பட்ட ஒலிகளைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் பீட், பிட், பெட், பேட் என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பது, சிறு துண்டு, பந்தயம், கிரிக்கெட் மட்டை என்று பொருள். கடைசிச் சொல்லின் உயிரொலி தமிழில் கிடையாது. நாம் ஏகாரம் போட்டுச் சமாளிக்கிறோம். உண்மையில் அது எகரத்தைவிட வாயை நன்றாகத் திறந்து, நாக்கைத் தாழ்த்திச் சொல்லும் ஒலி. இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் நாக்கின் முன்பகுதி மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குவது தெரியும்.

இந்தப் படிகளைக் கருவியால் அளக்கலாம். வாய்க்குள் காற்று அதிரும்போது சில அதிர்வெண்கள் மட்டும் வலுப்பெறுகின்றன. அவற்றுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். முதல் ஃபார்மன்ட் நாக்கின் உயரத்தைக் காட்டும். அது குறைவாக இருந்தால் நாக்கு உயரத்தில் இருக்கிறது என்று பொருள். இரண்டாம் ஃபார்மன்ட் நாக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைக் காட்டும். பீட்டர்சனும் பார்னியும் 1952இல் வெளியிட்ட அமெரிக்க ஆண்களின் சராசரியில், பீட் முதல் பேட் வரையான நான்கு ஒலிகளின் முதல் ஃபார்மன்ட் முறையே 270, 390, 530, 660 ஹெர்ட்ஸ். அதாவது ஒவ்வொரு படிக்கும் இடையில் ஏறத்தாழ 120 முதல் 140 ஹெர்ட்ஸ் இடைவெளி. இந்த இடைவெளிதான் நம் கதைக்கு முக்கியம். ஒரே மனிதர் ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னாலே அளவு சில பத்து ஹெர்ட்ஸ் மாறும். ஆகவே படிகள் நெருங்கினால் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழ ஆரம்பிக்கும்.

பேட் ஒலி மேலே ஏறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் ஃபார்மன்ட் 660இலிருந்து 580க்கு வந்தால், 530இல் நிற்கும் பெட் ஒலிக்கும் அதற்கும் வெறும் 50 ஹெர்ட்ஸ்தான் மிச்சம். இங்கே மூன்று வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றாகிவிடலாம். பேட் ஏறுவதை நிறுத்திவிடலாம். அல்லது பெட் தானும் மேலேறி இடம் விடலாம். மூன்றாவது நடந்தால் அது தள்ளு சங்கிலி. மாறாக, மேலே இருக்கும் பெட் முதலில் விலகிப்போய், காலியான இடத்துக்குள் பேட் நிதானமாக ஏறினால் அது இழு சங்கிலி. இந்த இரண்டையும் பிரித்து இலக்கணம் வகுத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் ஆந்த்ரே மார்த்தினே. 1950களில் அவர் எழுதியவற்றிலிருந்துதான் இந்தச் சொற்கள் பரவின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாற்றம் முடிந்தபின் இரண்டு வகையும் ஒரே தோற்றம் தரும். எல்லா ஒலிகளும் ஒரு படி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். வேறுபாடு இடைக்காலத்தில் மட்டுமே தெரியும். தள்ளு சங்கிலியில் இடையில் நெரிசல் தெரிய வேண்டும், அதாவது இரண்டு ஒலிகளின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்த ஒரு தலைமுறை இருக்க வேண்டும். இழு சங்கிலியில் இடையில் வழக்கத்தைவிடப் பெரிய வெற்றிடம் தெரிய வேண்டும். அந்த இடைக்காலத்துத் தலைமுறையின் குரல் கையில் இல்லாமல் ஒன்றைத் தள்ளல் என்றோ இழுப்பு என்றோ அடித்துச் சொல்பவரை நான் பொதுவாக நம்புவதில்லை.

நியூசிலாந்தில் அந்தக் குரல் இருக்கிறது. 1946 முதல் 1948 வரை அந்நாட்டு வானொலி நிறுவனம் ஒலிப்பதிவுக் கருவிகளை ஒரு வாகனத்தில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது. நோக்கம் மொழி ஆராய்ச்சி அல்ல. உள்ளூர் இசையையும் குடியேறிகளின் பழைய நினைவுகளையும் ஒலிபரப்புக்காகச் சேகரிப்பது. பேசியவர்களில் பலர் முதியவர்கள். 1850களில் பிறந்தவர்கள்கூட அதில் உண்டு. ஐரோப்பியக் குடியேற்றம் பெரிய அளவில் தொடங்கியதே 1840க்குப் பிறகுதான் என்பதால், நியூசிலாந்து ஆங்கிலத்தை அங்கேயே பிறந்து கற்ற ஏறத்தாழ முதல் தலைமுறையின் குரல் அது. பிற்காலத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோர்டன் முதலானோர் இந்தப் பதிவுகளைப் பெற்று, அடுத்தடுத்த தலைமுறைகளின் பதிவுகளையும் சேர்த்து ஒரு பெரும் தொகுப்பாக்கினார்கள். ஒரே நாட்டின் பேச்சை ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறப்பாண்டு வரிசையில் அடுக்கிப் பார்க்க முடிந்தது.

அப்படி அடுக்கியபோது தெரிந்த வரிசை இது. மிகப் பழைய பேச்சாளர்களிடமே பேட் ஒலி ஓரளவு உயர்ந்திருந்தது. பெட் ஒலியும் ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் பிட் ஒலி பெரும்பாலானோரிடம் இன்னும் பழைய இடத்தில்தான், வாயின் முன்பக்கத்தில், இருந்தது. அடுத்த தலைமுறைகளில் பேட் மேலும் ஏற, பெட் இன்னும் மேலே போக, பிட் ஒலி கடைசியாகத் தன் இடத்தை விட்டது. அதற்குமேல் ஏறினால் பீட் ஒலி இருக்கிறது. எனவே அது பின்வாங்கி வாயின் நடுப்பகுதிக்குப் போனது. இன்றைய நியூசிலாந்துக்காரரின் பிட் ஒலியை நம் காதுக்கு விளக்குவதென்றால், காசு, பாட்டு என்ற சொற்களின் முடிவில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்தின் பக்கத்தில், அதைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒலி எனலாம். நியூசிலாந்து வர்ணனையாளர் 'சிக்ஸ்' என்று சொல்லும்போது 'சக்ஸ்' போலவும், 'டென்' என்று சொல்லும்போது 'டின்' போலவும் காதில் விழுவதற்குக் காரணம் இதுதான். அந்நாட்டு விமான நிலையத்தில் 'செக்-இன்' என்பது 'சிக்கன்' என்று கேட்கும் என்ற பழைய கேலியும் இதிலிருந்து பிறந்ததுதான்.

கீழே இருப்பது முதலில், நடுவில் இருப்பது அடுத்து, மேலே இருப்பது கடைசியில் என்ற இந்த வரிசை இழு சங்கிலிக்குப் பொருந்தாது. பிட் முதலில் காலி செய்து மற்றவை ஏறியிருந்தால் பழைய பதிவுகளில் பிட்தான் நடுவாயில் இருந்திருக்க வேண்டும். அது இல்லை. ஆகவே இதைத் தள்ளு சங்கிலி என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பேட் ஒலி எதற்காக முதலில் ஏறியது என்பது வேறு கேள்வி. தென்கிழக்கு இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகள் ஏற்கெனவே ஓரளவு உயர்ந்த ஒலியோடுதான் கப்பல் ஏறினார்கள் என்பதற்கு வலுவான வாதம் இருக்கிறது. சங்கிலிக் கொள்கை முதல் கண்ணி ஏன் நகர்ந்தது என்பதை விளக்குவதில்லை. அடுத்த கண்ணி ஏன் நகர்ந்தது என்பதை மட்டும்தான் விளக்குகிறது.

ஆஸ்திரேலியாவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அங்கும் பேட், பெட் ஒலிகள் உயர்ந்தன. ஆனால் அங்கே பிட் ஒலி நடுவாய்க்கு ஓடாமல் முன்பக்கமாகவே மேலேறி, பீட் ஒலியை நெருங்கியது. அதனால்தான் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' என்ற தொடரை நியூசிலாந்தார் 'ஃபஷ் அண்ட் சப்ஸ்' என்று சொல்வதாக ஆஸ்திரேலியரும், ஆஸ்திரேலியர் 'ஃபீஷ் அண்ட் சீப்ஸ்' என்று சொல்வதாக நியூசிலாந்தாரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்கிறார்கள். நெரிசல் ஒன்றுதான், வெளியேறிய வாசல் வேறு. தள்ளல் எந்தத் திசையில் போகும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி எல்லோரையும் உறுத்தும் கேள்விக்கு வரலாம். ஒலிக்கு எப்படித் தெரியும், பின்னால் இன்னொன்று நெருங்குகிறது என்று? பேசுபவர் யாரும் 'என் எகரம் நெருக்கப்படுகிறது, சற்று மேலே ஏற்றுவோம்' என்று திட்டமிடுவதில்லை. 'பொருள் குழம்பாமல் இருக்க மொழி தன்னைக் காத்துக்கொண்டது' என்று எழுதுவது எளிது. ஆனால் மொழிக்குத் தனியாக ஓர் மூளை கிடையாது. தள்ளு சங்கிலியையே ஏற்க மறுத்தவர்கள் இந்த இடத்தில்தான் நின்று வாதாடினார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை.

இதற்கு நம்பத்தகுந்த விடை 2015இல் வந்தது. ஜென் ஹே, ஜேனட் பியர்ஹம்பர்ட் முதலானோர் அதே நியூசிலாந்துத் தொகுப்பை எடுத்து, 130 ஆண்டுக் காலப் பேச்சில் இந்த மூன்று குறில்களும் நகர்ந்ததைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தார்கள். அடிக்கடி வரும் சொற்களும் அரிதாக வரும் சொற்களும் ஒரே வேகத்தில் நகர்ந்தனவா என்பது கேள்வி. சோம்பலால் ஒலி தேயும் மாற்றங்களில் அடிக்கடி வரும் சொற்கள்தான் முந்தும் என்பது பழைய அனுபவம். தேய்ந்த நாணயம் அதிகம் புழங்கியதாகத்தானே இருக்கும். ஆனால் இங்கே நேர்மாறாக, அரிய சொற்கள் முன்னே சென்றன. அடிக்கடி வருபவை பின்தங்கின.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம் பேசுபவரிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. நாம் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் நினைவில் ஒரு சுவடு விடுகிறது. அந்தச் சுவடுகளின் சராசரியிலிருந்துதான் நாம் அதே சொல்லைத் திரும்ப உச்சரிக்கிறோம். பேட் ஒலி மேலேறி, பெட் ஒலியின் கீழ் விளிம்பைத் தொட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். இப்போது பெட் வகையைச் சேர்ந்த ஒரு சொல்லை ஒருவர் சற்றுத் தாழ்த்திச் சொன்னால், அது இரண்டும்கெட்டான் பகுதியில் விழுகிறது. அது எல்லோருக்கும் பழக்கமான சொல்லாக இருந்தால் எப்படிச் சொன்னாலும் கேட்பவர் புரிந்துகொள்வார்; தாழ்ந்த அந்த உச்சரிப்பும் நினைவில் பதியும். அரிய சொல்லாக இருந்தால் கேட்பவர் தடுமாறுவார், அல்லது வேறு சொல்லாக எடுத்துக்கொள்வார். அந்த உச்சரிப்பு அச்சொல்லின் கணக்கில் சேராமலே போய்விடும். குழப்பமில்லாத, உயர்ந்த உச்சரிப்புகள் மட்டுமே கணக்கில் ஏறும். இப்படி வடிகட்டிய கணக்கின் சராசரி தானாகவே மேலே நகரும். அடுத்த முறை அவர் வாய் திறக்கும்போது அந்தச் சொல் ஒரு மயிரிழை உயர்ந்து வெளிவரும். இது பல்லாயிரம் உரையாடல்களில் திரும்பத் திரும்ப நடந்தால் ஒலி நகர்ந்துவிடும். யாரும் திட்டமிடவில்லை, மொழிக்கு மூளையும் தேவைப்படவில்லை. தவறாகக் கேட்கப்பட்டவை கணக்கிலிருந்து உதிர்வதே தள்ளும் விசையாகிறது.

இந்த விளக்கத்தின் அழகு அது சோதிக்கக்கூடியதாக இருப்பது. வெறும் நாக்குச் சோம்பல் காரணமாக இருந்தால் அடிக்கடி வரும் சொற்கள் முந்தியிருக்க வேண்டும். மாறாகத்தான் நடந்தது.

சங்கிலி இன்னும் முடியவும் இல்லை. நியூசிலாந்தின் இளைய தலைமுறையில் பெட் ஒலி உயர்ந்து உயர்ந்து பீட் ஒலியின் எல்லைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. மார்கரெட் மக்லகனும் ஜென் ஹேயும் 2007இல் இதை அளந்து காட்டினார்கள். பீட் ஒலி எங்கே போகும்? அதற்கு மேலே இடமில்லை. அது இரட்டை ஒலியாக உடையத் தொடங்கியிருக்கிறது; நடுவாயில் தொடங்கி ஈகாரத்துக்கு வழுக்கிச் செல்கிறது. உச்சியில் இருக்கும் ஒலி நெருக்கப்படும்போது இப்படி உடைவது புதிதல்ல. நெட்டுயிர்ப் பெருமாற்றத்தில் ஹூஸ் என்று ஒலித்த சொல் ஹவுஸ் ஆனதும் இப்படித்தான்.

அந்தச் சொல்லில் ஒரு பழைய துப்பு இருக்கிறது. ஒலிப்பதிவு இல்லாமலும் தள்ளலைக் காட்ட முடிந்த அபூர்வ இடம் அது. தென் இங்கிலாந்தில் ஓகாரம் உயர்ந்து ஊகாரம் ஆனது. வாத்தைக் குறிக்கும் கோஸ் என்பது கூஸ் ஆனது. ஏற்கெனவே அங்கிருந்த ஊகாரம் உடைந்து அவு ஆனது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஓகாரம் அதற்கு முன்பே வேறு திசையில், வாயின் முன்பக்கமாக, விலகிப்போயிருந்தது. அதனால் ஊகாரத்தைக் கீழிருந்து தள்ள அங்கே யாரும் இல்லை. விளைவு, அங்கே வீட்டுக்கு ஹூஸ் என்ற பழைய உச்சரிப்பே நிலைத்தது. தள்ளும் ஒலி இருந்த இடத்தில் ஊகாரம் உடைந்தது, இல்லாத இடத்தில் உடையவில்லை. ஆஸ்திரிய அறிஞர் கார்ல் லூயிக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கவனித்துவிட்டார்.

இழு சங்கிலிக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் கனடாவுக்குப் போகலாம். அதே மூன்று குறில்கள், எதிர்த்திசை. கட்டிலைக் குறிக்கும் காட், 'பிடித்தான்' என்று பொருள்படும் காட் ஆகிய சொற்களின் வெவ்வேறு உயிரொலிகள் அங்கே இணைந்து ஒன்றாகி, வாயின் பின்பக்கத்துக்கு ஒதுங்கின. இதனால் கீழே நடுவில் ஓர் இடம் காலியானது. பேட் ஒலி பின்வாங்கி அதற்குள் நகர்ந்தது. பெட்டும் பிட்டும் அதைத் தொடர்ந்து இறங்கின என்று கிளார்க், எல்ம்ஸ், யூசெஃப் ஆகியோர் 1995இல் விவரித்தார்கள். ஆனால் சார்ல்ஸ் போபெர்க் பின்னர் மான்ட்ரியாலில் அளந்தபோது வேறொன்றைக் கண்டார். அங்கே பெட், பிட் ஒலிகள் கீழே இறங்கவில்லை, எல்லாம் ஒன்றுபோலப் பின்னே சென்றன. அப்படியானால் ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்தது என்று சொல்ல முடியாது. மூன்றும் பக்கவாட்டில் இணையாக நகர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும். சங்கிலி என்ற பெயரை அவசரப்பட்டு ஒட்டக்கூடாது என்பதற்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அளப்பதிலும் வழுக்குமிடங்கள் உண்டு. பெண்களின் குரல்வழி ஆண்களுடையதைவிடக் குட்டையாக இருப்பதால் அவர்களின் ஃபார்மன்ட்கள் இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஒரு பாட்டியின் எண்ணையும் ஒரு பேரனின் எண்ணையும் நேராக ஒப்பிட்டால் இல்லாத மாற்றம் தெரியும், இருக்கும் மாற்றம் மறையும். ஒவ்வொருவரின் அளவையும் அவரவர் முழு உயிரொலிப் பரப்புக்குள் எங்கே விழுகிறது என்று மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஒலியை அடுத்து வரும் மெய்யும் விளையாடும். மூக்கொலிக்கு முன்னும் லகரத்துக்கு முன்னும் உயிரொலி தனி வழியில் போகும். அவற்றைக் கலந்து சராசரி எடுத்த ஆய்வைக் கண்டால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

நெரிசல் வந்தால் விலகத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதே நியூசிலாந்தில், மூன்று குறில்களும் இவ்வளவு பாடுபட்டுப் பிரிந்து நின்ற அதே காலத்தை ஒட்டி, பியர், பேர் என்ற சொற்களின் உயிரொலிகள் பலரிடம் இணைந்தேவிட்டன. குடிக்கும் பியரும் காட்டுக் கரடியும் அவர்கள் வாயில் ஒன்றுதான். பேட், பெட், பிட் போல ஒலியால் மட்டும் வேறுபடும் சொற்கள் ஏராளம். பியர், பேர் போன்றவை அதைவிடக் குறைவு. அது ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த இணைவுதான் உங்கள் 'இடம்', 'எடம்' கேள்விக்கும் விடை. பேச்சுத் தமிழில் சொல்லின் முதல் அசையில் இகரம் இருந்து, அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் அது எகரமாகிறது. இலை எலை ஆகிறது, விலை வெலை ஆகிறது. கிளி, இனிப்பு போன்றவை அப்படியே இருக்கின்றன. உகரமும் இதே சூழலில் ஒகரமாகிறது. உடம்பு ஒடம்பு ஆகிறது. இகரம் ஒரு படி இறங்கி எகரத்தின் இடத்துக்கு வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அங்கே ஏற்கெனவே இருந்த எகரம் நகர்ந்ததா என்று பாருங்கள். 'செலவு' என்பதில் அதே சூழலில் எகரம் இருக்கிறது. பேச்சிலும் அது செலவுதான். வெலையின் எகரத்துக்கும் செலவின் எகரத்துக்கும் இப்போது வேறுபாடு இல்லை. வந்தது வந்தது, இருந்தது இருந்தபடியே இருக்கிறது. ஆகவே இது சங்கிலி அல்ல, குறிப்பிட்ட சூழலில் மட்டும் நடந்த இணைவு. இதைச் சங்கிலி என்று சொல்ல வேண்டுமானால், இகரம் இறங்கிய அதே சூழலில் செலவு என்பது 'சலவு' என்றோ வேறெப்படியோ விலகியிருக்க வேண்டும்.